ஸ்டேட்மென்ட்டில் திரும்பத் திரும்ப வரும் டெபிட்: எந்த வரி எந்தச் சந்தா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வீட்டில் எத்தனை சந்தா ஓடுகிறது என்று கேட்டால் எல்லோரும் நினைவிலிருந்து ஐந்தாறு பெயர் சொல்வார்கள். ஸ்டேட்மென்ட்டிலிருந்து எண்ணினால் வேறு எண் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தப் பக்கம். நாணயம் எதுவானாலும் வழி ஒன்றுதான் என்பதால் தொகைகளை வெறும் எண்ணாகவே தருகிறேன்.

மூன்று மாத ஸ்டேட்மென்ட் இருக்கிறது. போதாதா?

போதாது. 13 மாதம் எடுங்கள். மாதச் சந்தாக்கள் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும், சரி. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை போகும் தொகைதான் பெரிதாகவும் இருக்கும், யாருக்கும் நினைவிலும் இருக்காது. 12 மாதம் எடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. போன வருடம் 4ஆம் தேதி போனது இந்த வருடம் விடுமுறை காரணமாக 6ஆம் தேதி போயிருக்கலாம். ஒரு மாதம் கூடுதலாக இருந்தால் வருடச் சந்தா இரண்டு முறை கண்ணில் படவும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டு முறை வந்தால்தான் அது சந்தா என்றே சந்தேகம் வரும். ஒருமுறை மட்டும் வந்தால் ஏதோ வாங்கினோம் என்று தாண்டிப் போய்விடுவோம்.

எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கிலிருந்துதான் போகிறது. அதை மட்டும் பார்த்தால் சரியா?

அந்தக் கணக்கில் "கிரெடிட் கார்டு பில்" என்று மாதம் ஒரு வரி இருக்கிறதா? அந்த ஒரு வரிக்குப் பின்னால் கார்டின் முழு ஸ்டேட்மென்ட்டும் மறைந்திருக்கிறது. பேமென்ட் வாலட்டுக்குப் பணம் ஏற்றும் வரியும் அப்படித்தான், PayPal போன்ற இடைக்கணக்குக்குப் போகும் வரியும் அப்படித்தான். அவை ஒவ்வொன்றும் ஒரு கதவு. கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பட்டியலையும் எடுக்க வேண்டும்.

அதனால் முதல் வேலை வரிகளைப் படிப்பது அல்ல, கணக்குகளை எண்ணுவது. ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கு, ஒவ்வொரு கார்டு, வாலட், இடைக்கணக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணவன் மனைவி தனித்தனியாக வைத்திருக்கும் கார்டுகளை மறக்காதீர்கள். ஒரே சேவைக்கு இரண்டு பேரும் பணம் கட்டிக்கொண்டிருப்பது, இரண்டு ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன. கண்ணாலேயே பார்த்துப் பிடிக்க முடியுமா?

ஒரு மாதத்துக்கு முடியும். 13 மாதத்துக்குக் கண் ஓய்ந்துவிடும். பி.டி.எஃப் வேண்டாம், வங்கியின் இணையதளத்தில் CSV என்று ஒரு வடிவம் பெரும்பாலும் இருக்கும், அதை இறக்கி கூகுள் ஷீட்ஸில் திறங்கள். A பத்தியில் தேதி, B பத்தியில் விவரம், C பத்தியில் பற்று வைத்த தொகை என்று அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே சேவையின் வரி ஒவ்வொரு மாதமும் வேறு வேறு குறிப்பு எண்ணோடு வருவதால், கணினிக்கு அவை வேறு வேறு பெயர்களாகத் தெரியும். அந்த எண்களை எடுத்துவிட D2-வில் இதைப் போட்டு, கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=TRIM(REGEXREPLACE(UPPER(B2),"[0-9#]+"," "))
```

அப்புறம் F1-இல் இது:

```
=QUERY(A2:D,"select D, count(C), min(C), max(C), min(A), max(A) where C > 0 group by D order by count(C) desc",0)
```

ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வந்தது, மிகக் குறைந்த தொகை, மிக அதிகத் தொகை, முதல் தேதி, கடைசித் தேதி எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும். 12 அல்லது 13 முறை வந்து, குறைந்ததும் அதிகமும் ஒரே தொகையாக இருந்தால் அது பெரும்பாலும் மாதச் சந்தா. ஒன்றிரண்டு முறை மட்டும் வந்தவை பட்டியலின் அடியில் இருக்கும். வருடச் சந்தாக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும், அதனால் அந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகக் கண்ணால் படியுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நேரும். சில வங்கிகள் பற்றை மைனஸ் எண்ணாகத் தரும். அப்போது பட்டியல் வராது, அல்லது வரவுகள் மட்டும் வரும். `C > 0` என்பதை `C < 0` என்று மாற்றினால் போதும்; குறைந்த தொகையும் அதிகத் தொகையும் மட்டும் இடம் மாறி நிற்கும். இன்னொன்று கொஞ்சம் மோசமானது. தொகையில் காற்புள்ளியோ நாணயக் குறியோ ஒட்டிக்கொண்டு வந்தால் ஷீட்ஸ் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுக்கக்கூடும். அந்த வரிகள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: எண் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். C பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேதிப் பத்திக்கும் இதே சோதனைதான். நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டால், 12க்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒதுங்கி நிற்கும்.

PADDLE.NET*, FS *, PAYPAL * என்றெல்லாம் வருகிறது. இப்படி எந்தக் கம்பெனியிடமும் நான் எதுவும் வாங்கவில்லையே?

நட்சத்திரக் குறிக்கு இடப்பக்கம் இருப்பது பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர். வலப்பக்கம் இருப்பதுதான் நீங்கள் வாங்கிய இடம். Paddle, FastSpring போன்றவை சிறிய மென்பொருள் நிறுவனங்களுக்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்கள். நீங்கள் வாங்கியது ஒரு புகைப்படச் செயலியாக இருக்கும். விற்பனையாளர் என்று பதிவாவது இவர்கள் பெயர். இதனால்தான் மேலே உள்ள சூத்திரத்தில் நட்சத்திரத்தை நீக்கவில்லை. அதை வெட்டிவிட்டால் எது தரகர், எது கடை என்ற எல்லையே போய்விடும்.

வலப்பக்கப் பெயரும் பாதியில் அறுந்திருக்கும். கார்டு பரிவர்த்தனைச் செய்தியில் கடையின் பெயருக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் 25 எழுத்துகள்தான், அதற்குள் தரகரின் பெயரும் நட்சத்திரமும் அடங்க வேண்டும். போதாததற்கு, சில நிறுவனங்கள் நமக்குத் தெரிந்த பெயரை விட்டுவிட்டுச் சட்டப்படி பதிவான பெயரைக் கொடுத்திருப்பார்கள்.

பெயரை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. தொகையைப் பிடியுங்கள். அந்தத் தொகையை மேற்கோள் குறிக்குள் போட்டு மின்னஞ்சலில் தேடினால் ரசீது அகப்படும். ஜிமெயிலில் இப்படி:

```
"34.99" newer_than:13m
```

ரசீதின் தேதி ஸ்டேட்மென்ட் தேதிக்கு ஒன்று முதல் மூன்று நாள் முன்னதாக இருக்கும், ஏனென்றால் பணம் கேட்ட நாள் வேறு, கணக்கில் பதிவான நாள் வேறு. தேடும்போது ஸ்பேம், குப்பை இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வீட்டில் எல்லோருடைய மின்னஞ்சலிலும் தேட வேண்டும், பழைய முகவரிகள் உட்பட. பழைய முகவரிக்குத்தான் மறந்துபோன சந்தாவின் ரசீது போய்க்கொண்டிருக்கும்.

ஆப் கடையின் பெயரில் மட்டும் மாதம் மூன்று நான்கு வரி வருகிறது. எது எதற்கு என்று எப்படிப் பிரிப்பது?

நேரம் அதிகம் பிடிக்கும் இடம் இதுதான். ஆப்பிளின் ஆப் கடை, தான் வசூலிப்பது எதற்கு என்று ஸ்டேட்மென்ட்டில் எழுதாது. APPLE.COM/BILL என்று மட்டும் இருக்கும், உள்ளே ஐந்து சேவை இருக்கலாம். அதோடு, அடுத்தடுத்து விழும் தொகைகளைச் சேர்த்து ஒரே வரியாக வசூலிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் எண், எந்த ரசீதிலும் இல்லாத எண்ணாக இருக்கக்கூடும்.

என் அக்கா வீட்டுக் கணக்கை இப்படிப் பிரித்ததைச் சொல்கிறேன். ஒரு ஆப் கடையின் பெயரில் அவள் கார்டில் மாதா மாதம் மூன்று வரி: 3ஆம் தேதி 4.99, 11ஆம் தேதி 9.98, 19ஆம் தேதி 2.99. ஏப்ரல் மாதம் மட்டும் 11ஆம் தேதி 44.97.

அவள் போனில் சந்தாப் பட்டியலைத் திறந்தோம். 4.99 ஒரு செய்தி இதழ். அது உடனே பொருந்தியது. 9.98 என்று எதுவும் இல்லை. இசைச் சேவை 6.99, சேமிப்பிடம் 2.99 இருந்தன, கூட்டினால் 9.98. இது வெறும் யூகம் இல்லை என்பதற்கு ஸ்டேட்மென்ட்டே சாட்சி சொன்னது. ஒரு மாதத்தில் மட்டும் கடை அவற்றைச் சேர்க்காமல் 11ஆம் தேதி 6.99, 12ஆம் தேதி 2.99 என்று தனித்தனியாக எடுத்திருந்தது. கூட்டுத்தொகையைப் பிரிக்கும்போது இப்படி அவிழ்ந்து கிடக்கும் ஒரு மாதத்தைத் தேடுங்கள். 13 மாதத்தில் பெரும்பாலும் ஒன்று கிடைக்கும்.

ஏப்ரலில் வந்த 44.97-இலிருந்து 9.98-ஐக் கழித்தால் 34.99. அந்தத் தொகையை மின்னஞ்சலில் தேடியதும், மகள் இரண்டு வருடம் முன்பு ஆசையாகக் கேட்ட வரையும் செயலியின் வருடச் சந்தா கிடைத்தது. செயலியைப் போனிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டார்கள். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது; இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

மிச்சம் 19ஆம் தேதி 2.99. சேமிப்பிடமும் 2.99 என்பதால் அதுதான் இரண்டு முறை போகிறது என்று நினைத்துவிட்டோம். ஆனால் பட்டியலில் ஒன்றுதான் இருந்தது, அதன் புதுப்பிப்புத் தேதி 11. அரை மணி நேரம் இங்கேயே நின்றோம். அப்புறம்தான் அத்தானின் பழைய போன் நினைவுக்கு வந்தது. அது இப்போது மகளிடம் இருந்தது, இன்னும் அத்தானின் பழைய மின்னஞ்சல் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் பதிவாகியிருந்த கார்டு அக்காவுடையது. போனில் தெரியும் சந்தாப் பட்டியல் அதில் நுழைந்திருக்கும் கணக்கினுடையது மட்டுமே, கார்டினுடையது அல்ல. ஒரு கார்டை மூன்று கணக்கில் போட்டிருந்தால் மூன்று பட்டியலையும் திறக்க வேண்டும்.

செய்தி இதழிலும் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. அதே இதழின் பெயரில் அத்தான் கார்டில் நேரடியாக இன்னொரு 4.99. அக்கா போனில் சந்தா சேர்ந்தபோது தன் மின்னஞ்சலை மறைத்துக்கொள்ளும் வசதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பிறகு மடிக்கணினியில் தன் முகவரியோடு நுழைந்தபோது "நீங்கள் சந்தாதாரர் இல்லை" என்று வந்திருக்கிறது. அத்தான் உடனே தன் கார்டைக் கொடுத்துவிட்டார்.

ஆப் கடை வரிகள் மட்டும் வருடத்துக்கு 250.51. அதில் அத்தான் கார்டிலும் தனியாகக் கட்டிக்கொண்டிருந்த இதழ் 59.88, பழைய கணக்கின் சேமிப்பிடம் 35.88, வரையும் செயலி 34.99. மொத்தம் 130.75, பாதிக்கு மேல். பழைய சேமிப்பிடத்தை மட்டும் அன்றே ரத்து செய்யவில்லை. மகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. அவற்றை வேறு இடத்துக்கு மாற்றி, திறந்து பார்த்து, அதன் பிறகுதான் நிறுத்தினோம். சேமிப்பிடச் சந்தா எதுவாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை போனால்தானே சந்தா?

அப்படித் தேடினால் மூன்று வகை தப்பிவிடும்.

முதலாவது, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வசூலிப்பவை. 28 நாள் என்பதால் தேதி மாதா மாதம் இரண்டு மூன்று நாள் பின்னுக்கு நகர்ந்துகொண்டே வரும்: 30, 27, 25 என்று. ஒரு மாதத்தில் இரண்டு முறையும் விழும். 7.50 என்றால் 12 மாதத்துக்கு 90 என்று மனக்கணக்குப் போடுவோம், போவது 13 முறை, 97.50.

இரண்டாவது, வெளிநாட்டு நாணயத்தில் வசூலிப்பவை. மாற்று விகிதத்தால் தொகை மாதா மாதம் கொஞ்சம் ஏறி இறங்கும். பட்டியலில் குறைந்த தொகையும் அதிகத் தொகையும் சில சதவீதத்துக்குள் இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். இதற்கென வங்கி எடுக்கும் கட்டணம் சில இடங்களில் தனி வரியாக வரும்; அதையும் சந்தாவின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். தொகை ஏறி இறங்காமல் ஒருமுறை மட்டும் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் அது விலை உயர்வு.

மூன்றாவது, பயன்பாட்டுக்கு ஏற்ப மாறுபவை. தொகை எப்படி மாறினாலும் பெயரும் இடைவெளியும் மாறாது. சந்தேகம் வந்தால் தொகையை விட்டுவிட்டு இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள் என்று கழித்துப் பாருங்கள்.

வங்கி ஆப்பிலேயே ஆட்டோ டெபிட் பட்டியல் இருக்கிறதே, அதைப் பார்த்தால் வேலை முடிந்ததா?

கணக்கிலிருந்து நேரடியாக எடுக்க நீங்கள் கையெழுத்தோ ஒப்புதலோ கொடுத்தவை அதில் இருக்கும். கார்டு எண்ணைக் கொடுத்துச் சேர்ந்தவை பெரும்பாலும் அதில் முழுமையாக இருக்காது. கார்டு விவரம் கடையிடம் இருக்கிறது, அவர்கள்தான் ஒவ்வொரு முறையும் கேட்டு எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பட்டியலில் இருந்து 13 மாதமாக ஒருமுறையும் பணம் எடுக்காத ஒப்புதல் ஏதாவது இருந்தால், எதற்கு என்று பார்த்து ரத்து செய்துவிடலாம்.

கார்டை மாற்றிவிட்டால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்கும் என்று நம்ப முடியாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதிய கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் கடைகளுக்குத் தெரிவிக்கும் சேவை இருக்கிறது. வங்கியும் கடையும் அதில் சேர்ந்திருந்தால், நீங்கள் எதுவும் செய்யாமலேயே பழைய சந்தா புதிய கார்டுக்கு மாறிவிடும். நின்றாலும் பிரச்சினைதான்: வேண்டாத சந்தாவோடு வேண்டிய காப்பீடும் நின்றுபோகலாம். அதோடு, பணம் போகாமல் தடுப்பது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. குறைந்தபட்சக் காலம் ஒப்புக்கொண்ட சந்தாவுக்கு நீங்கள் கடன்பட்டவராகவே இருப்பீர்கள்.

எல்லாம் தேடியும் ஒரு வரி என்னவென்றே தெரியவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வங்கியைக் கூப்பிட்டு, அந்தப் பரிவர்த்தனையில் கடையின் ஊர், தொலைபேசி எண், நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். 5816 என்றால் இணைய விளையாட்டு, 7997 உடற்பயிற்சிக் கூடம் போன்ற உறுப்பினர் மன்றங்கள், 5968 சந்தா முறையில் தொடர்ந்து பொருள் அனுப்புபவர்கள். இந்த ஒரு தகவலை வீட்டில் சொன்னாலே யாராவது "ஓ, அதுவா!" என்பார்கள். கேட்கும் குரலில் குற்றச்சாட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பயந்து மறைத்தால் அந்த வரி கடைசி வரை தெரியாது.

யாருக்கும் தெரியவில்லை என்றால் அதை அங்கீகாரம் இல்லாத பரிவர்த்தனையாக வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். முறையிடக் காலக்கெடு உண்டு, அதனால் கண்ட அன்றே செய்யுங்கள். ஆனால் வீட்டில் எல்லோரையும் கேட்ட பிறகுதான். நீங்களே சேர்ந்த சந்தாவை மோசடி என்று சொன்னால் கார்டு முடக்கப்படும், முறையீடும் தள்ளுபடியாகும்.

ரத்து செய்துவிட்டேன். நிஜமாகவே நின்றுவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

ரத்து உறுதியான மின்னஞ்சல் வந்ததா என்று முதலில் பாருங்கள். பல தளங்களில் "ரத்து செய்" என்று அழுத்திய பிறகு சலுகை காட்டும் பக்கங்கள் இரண்டு மூன்று வரும்; கடைசிப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தாமல் மூடிவிட்டால் சந்தா அப்படியே தொடரும். மின்னஞ்சல் வரவில்லை என்றால் ரத்து ஆகவில்லை என்றே எடுத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போய்ப் பாருங்கள். சந்தாப் பக்கத்தில் "புதுப்பிக்கப்படும் தேதி" என்று இருந்த இடத்தில் "முடியும் தேதி" என்று மாறியிருக்க வேண்டும். அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு ஷீட்டில் அந்தப் பெயருக்கு எதிரே அடுத்து எந்தத் தேதியில் பணம் போயிருக்கும் என்று குறித்துக்கொண்டு, அந்தத் தேதி கழிந்து ஐந்து நாள் ஆன பிறகு ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். வருடச் சந்தாவுக்கு அந்தத் தேதி பல மாதம் தள்ளி இருக்கும், அதனால் காலண்டரில் போட்டுவையுங்கள். அக்கா வீட்டில் வரையும் செயலிக்கான குறிப்பு ஏப்ரல் 16 என்று இருக்கிறது. அத்தானின் அந்தப் பழைய போனில் மகளே பதிந்து வைத்தாள்.